பத்து டிகிரி சரிவில் பாறையின் திசை பிடிப்பது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையைச் சுற்றியுள்ள களிமண் மேடுகளில், குளிர்காலம் வந்தால் கல்லூரி மாணவர்களைக் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம். நிலவியல் படிப்பவர்கள். இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். பத்துக் கோடி ஆண்டு அளவுக்கு முன் கடல் இங்கே நிலத்தின் மேல் ஏறி வந்து, மணலும் களியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்த இடம் இது. 1860களில் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

வந்தவர்கள் அம்மோனைட் சிப்பிகளையும் பெலம்னைட் முட்களையும் பொறுக்குவதில் காட்டும் ஆர்வத்தை, கையில் இருக்கும் சிறு பெட்டியில் காட்டுவதில்லை. அதுதான் கிளினோமீட்டர் காம்பஸ். உள்ளே ஒரு காந்த முள், ஒரு நீர்க்குமிழ், சரிவை அளக்க ஒரு பாகைமானி. பாறை அடுக்கு எந்தப் பக்கம் நீண்டு போகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற இரண்டு எண்களை இது தரும். நிலத்துக்கு அடியில் அந்த அடுக்கு எங்கே கிடைக்கும் என்று சொல்லும் கணக்கெல்லாம் இந்த இரண்டு எண்களில்தான் தொடங்குகிறது.

ஓட்டு வீட்டுக் கூரையின் ஒரு பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாய்ந்த பரப்பில் மட்டமாக ஒரு கோடு இழுத்தால், அது கூரையின் முகட்டுக்கு இணையாக ஓடும். அந்தக் கோடு நோக்கும் திசைதான் ஸ்ட்ரைக். மழைத்தண்ணீர் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, இருப்பதிலேயே செங்குத்தான வழியில் இறங்கும். அது இறங்கும் கோணம் டிப். பாறையிலும் இதே கதைதான். ஆனால் ஓர் அடுக்குக்கு டிப் கோணம் மட்டும் தெரிந்தால் போதாது. அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் ஒரே ஸ்ட்ரைக் கோட்டுக்கு இரு பக்கமும் உண்டு.

செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பாறையில் இதை அளப்பது எளிது. அறுபது டிகிரி சாய்ந்த பலகைக்கல்லில் புதிதாக வந்த மாணவர்கூட ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஸ்ட்ரைக் எடுத்துவிடுவார். காரையிலும் கருடமங்கலத்திலும் அப்படி இல்லை. இங்கே அடுக்குகள் பொதுவாகக் கிழக்கு, தென்கிழக்கு நோக்கி மெதுவாகத்தான் சாய்ந்திருக்கின்றன. பத்து டிகிரியே நல்ல சரிவு. பயிற்சிக்கு இது கடினமான இடம், அதனாலேயே நல்ல இடமும்கூட. மென்மையான சரிவில்தான் காம்பஸ் எங்கே சறுக்கும் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து டிகிரி சாய்ந்த ஒரு சுண்ணாம்பு மணற்கல் பரப்பு. அதன் உண்மையான ஸ்ட்ரைக் 025 டிகிரி, அதாவது வடக்கிலிருந்து கிழக்கே இருபத்தைந்து. ஒருவர் காம்பஸின் ஓரத்தைப் பரப்பில் வைத்து மட்டம் பார்க்கிறார். வட்டக் குமிழ் நடுவளையத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, போதும் என்று முள்ளைப் படித்துவிடுகிறார். உண்மையில் காம்பஸின் ஓரம் மட்டத்திலிருந்து இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஓரத்தில் இது ஒரு முனை மூன்றரை மில்லிமீட்டர் தூக்கி இருப்பதற்குச் சமம், கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஸ்ட்ரைக் பதினோரு டிகிரிக்கு மேல் விலகிவிடுகிறது. 025 என்று வர வேண்டியது 036 என்றோ 014 என்றோ வரும்.

இந்த விலகலுக்குச் சூத்திரம் மிகச் சிறியது. கையின் மட்டப்பிழை e, உண்மைச் சரிவு d, ஸ்ட்ரைக்கில் வரும் பிழை b என்றால்:

```
sin b = tan e / tan d
```

இதில் e-ஐ இரண்டு டிகிரி என்றே வைத்துக்கொண்டு, சரிவை மட்டும் மாற்றிப் பாருங்கள். அறுபது டிகிரிச் சரிவில் ஸ்ட்ரைக் பிழை ஒரு டிகிரிக்குச் சற்று மேல். பத்து டிகிரியில் பதினொன்று. ஐந்து டிகிரியில் இருபத்து மூன்றரை. அதே கை, அதே கருவி, அதே அசிரத்தைதான். பாறை படுத்துக்கொள்ளப் படுத்துக்கொள்ளப் பிழை மட்டும் பெருகுகிறது. இரண்டு டிகிரி சரிந்த பரப்பில் இரண்டு டிகிரி பிழை செய்தால் எந்தத் திசையும் ஸ்ட்ரைக்காக வந்துவிடலாம்.

பதினோரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். மட்டமான நிலத்தில் அந்த அடுக்கைத் தேடி அதன் ஸ்ட்ரைக் திசையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், அடுக்கு இருக்கும் இடத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். சுண்ணாம்புக்கல் அடுக்கைத் தேடிக் குழி போடுகிறவருக்கு அந்த இருநூறு மீட்டர் ஒரு தோண்டலின் செலவு.

டிப் கோணத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். பதினோரு டிகிரி தவறான ஸ்ட்ரைக் கோட்டை நம்பி, அதற்குச் செங்குத்தாகக் கிளினோமீட்டரை வைத்தால் சரிவு எவ்வளவு வரும்? பத்துக்குப் பதில் 9.8. கருவியில் பார்த்தால் பத்துதான். இருப்பதிலேயே செங்குத்தான வழியிலிருந்து கொஞ்சம் விலகினால் சரிவு அநேகமாகக் குறைவதே இல்லை. மட்டக்கோட்டிலிருந்து அதே அளவு விலகினாலோ, சுழியாக இருந்த சரிவு இரண்டு டிகிரிக்கு ஏறிவிடுகிறது. உச்சத்துக்கு அருகே மாற்றம் மந்தம், சுழிக்கு அருகே மாற்றம் வேகம். களத்தில் அளக்கும் முறை முழுவதும் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் அமைய வேண்டும் என்பது என் கருத்து.

பல பயிற்சிக் குறிப்புகளில், கிளினோமீட்டரைப் பரப்பின் மேல் சுழற்றிச் சுழற்றி அதிகபட்ச எண் வரும் திசையைக் கண்டுபிடியுங்கள், அதுதான் டிப் திசை என்று எழுதியிருக்கும். கோணம் கிடைக்க இது நல்ல வழி. திசை கிடைக்க இது மோசமான வழி. உச்சத்தின் இருபுறமும் பத்துப் பத்து டிகிரிக்கு எண் மாறாமலே நிற்கும்போது, நடுவில் எது உச்சம் என்று எப்படிச் சொல்வது? திசை வேண்டுமென்றால் உச்சத்தைத் தேடாதீர்கள், சுழியைத் தேடுங்கள்.

அதைச் செய்வது இப்படி. முதலில் பரப்பைத் துடைத்துச் சுத்தம் செய்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். பாட்டில் மூடி அளவு போதும். நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். அலைத்தடங்கள் அல்லது கீறல்கள் உள்ள பரப்பில் நீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும், ஆகவே இரண்டு மூன்று இடத்தில் ஊற்ற வேண்டும். இது அளவு அல்ல. டிப் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு மட்டும் பதில். அந்தப் பதிலை உடனே நோட்டில் எழுதிவிடுங்கள்: தென்கிழக்கு.

அடுத்து, காம்பஸை நேரடியாகப் பாறையில் வைக்காமல் இடையில் ஒரு தட்டையான அட்டையோ மரப்பலகையோ வையுங்கள். இயற்கையான அடுக்குப் பரப்பு கண்ணாடி போல் இருக்காது. பத்து சென்டிமீட்டர் ஓரத்தின் ஒரு முனையில் ஒரு சென்டிமீட்டர் மேடு மாட்டினால் கிட்டத்தட்ட ஆறு டிகிரி சரிவு பொய்யாக வந்துவிடும். முப்பது சென்டிமீட்டர் பலகையில் அதே மேடு இரண்டு டிகிரிக்கும் குறைவான பிழையாகச் சுருங்கும். தேர்வு எழுதும் அட்டை இதற்கு நன்றாக உதவும், ஆனால் அதன் இரும்புக் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும். காந்த முள்ளுக்கு அது ஆகாது.

இப்போது கிளினோமீட்டரைச் சுழியில் நிறுத்துங்கள். பிரண்டன் வகைக் காம்பஸில் இரண்டு குமிழ்கள் உண்டு: திசை படிக்கும்போது பெட்டியை மட்டப்படுத்த வட்டமானது ஒன்று, சரிவு பார்க்கக் குழாய் வடிவில் ஒன்று. குழாய்க் குமிழ் அதிகக் கூர்மையானது. பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, அதன் ஓரம் பலகையில் முழுதும் படியும்படி வைத்து, குழாய்க் குமிழ் நடுவில் வரும்வரை மெல்லச் சுழற்றுங்கள். வந்ததும் ஓரத்தை ஒட்டி சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு பெட்டியை முனைக்கு முனை திருப்பி வைத்து மீண்டும் ஒரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கருவி சரி. கத்தரிக்கோல் போல் பிரிந்தால் கருவியின் சுழி தவறியிருக்கிறது, இரண்டுக்கும் நடுக்கோட்டை எடுத்துக்கொள்ளலாம். இப்படி நிதானமாகச் செய்தால் மட்டப்பிழை அரை டிகிரிக்குள் நிற்கும். பத்து டிகிரிச் சரிவில் அது ஸ்ட்ரைக்கில் மூன்று டிகிரிக்கும் குறைவான பிழை. களத்துக்கு அது தாராளம்.

கோடு விழுந்த பிறகுதான் காந்த முள்ளுக்கு வேலை. பெட்டியின் ஓரத்தைக் கோட்டுக்கு இணையாகப் பிடித்து, வட்டக் குமிழை நடுவில் நிறுத்தி, முள் அடங்கியதும் படியுங்கள். இந்தக் கட்டத்தில் கை சற்று சாய்ந்தாலும் பெரிய கேடில்லை, ஏனென்றால் மட்டக்கோடு ஏற்கெனவே பாறையில் இருக்கிறது. அதே கோட்டுக்குச் செங்குத்தாகக் கிளினோமீட்டரை வைத்து டிப் கோணத்தையும் எடுத்துவிடலாம்.

பிரண்டன் காம்பஸை முதலில் பார்க்கிறவர்கள் முகப்பில் கிழக்கும் மேற்கும் இடம் மாறி அச்சாகியிருப்பதைக் கண்டு திகைப்பார்கள். அச்சுப்பிழை இல்லை. முள் எப்போதும் வடக்கிலேயே நிற்கிறது, சுழல்வது பெட்டி. பெட்டியை நீங்கள் கிழக்கே திருப்பும்போது முள் முகப்பின் இடப்பக்கம் நகர்கிறது. அங்கே கிழக்கு என்று எழுதியிருந்தால்தான் முள்முனை காட்டும் எழுத்தை அப்படியே படிக்க முடியும். கொலராடோவில் சுரங்கப் பொறியாளராக இருந்த டேவிட் பிரண்டன் 1894-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. முள்ளின் வடமுனையைத்தான் படிக்க வேண்டும். தென்முனையைப் படித்தால் 025 என்பது 205 ஆகிவிடும்.

முள்ளைக் குழப்புவது பெரும்பாலும் நம்மிடமேதான் இருக்கும். கையில் தொங்கும் சுத்தியல், காந்தப் பூட்டு வைத்த கைபேசி உறை, பெல்ட் கொக்கி. பாறையே குழப்பும் இடங்களும் உண்டு. சேலத்துக் கஞ்சமலையில் மேக்னடைட் பட்டைகள் ஓடும் பாறையருகே காம்பஸை நம்பி ஒன்றும் எழுத முடியாது. காரைப் பக்கத்துக் களிமண்ணிலும் சுண்ணாம்பிலும் அந்தத் தொல்லை இல்லை. காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடும் தமிழ்நாட்டில் இப்போது ஒன்று, இரண்டு டிகிரி அளவில்தான், மேற்குப் பக்கம். திருத்த மறந்தாலும் பெரிதாகக் கெடாது. ஆனால் திருத்தினோமா இல்லையா என்று நோட்டில் எழுதாமல் விட்டால் அடுத்தவர் இரண்டாம் முறை திருத்திவிடுவார்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மொத்தமும் வீணாகிற ஒரு வழி இருக்கிறது: நாம் அளந்த பரப்பு அடுக்கின் பரப்பே இல்லை என்பது. காரைக் களிமண்ணில் ஜிப்சம் பளபளவென்று தகடுகளாக ஓடும். வெயிலில் தூரத்திலிருந்தே மின்னும், கை வைக்க வழவழப்பாக இருக்கும், காம்பஸ் அழகாகப் படியும். அளக்கத் தூண்டும் பரப்பு. ஆனால் அந்தத் தகடுகளில் பல, களிமண் படிந்து வெகு காலத்துக்குப் பிறகு வெடிப்புகளில் நீர் புகுந்து உருவானவை. சில அடுக்குக்கு இணையாகப் போகும், சில குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். எது எது என்று எப்படித் தெரியும்? களிமண்ணின் நிறமாற்றம் போகும் கோட்டைப் பாருங்கள். சாம்பலும் மஞ்சளும் மாறிவரும் பட்டைகள், சிப்பித் துண்டுகள் வரிசையாகக் கிடக்கும் தடம், கெட்டியான மெல்லிய சுண்ணாம்புக் கட்டிகள் ஒரே மட்டத்தில் தொடர்வது, இவையெல்லாம் கடலடியில் படிந்த வரிசையைக் காட்டுபவை. ஜிப்சம் தகடு இந்தப் பட்டைகளைக் குறுக்கே வெட்டினால் அது வெடிப்பு. அதை அளந்தால் வெடிப்பின் ஸ்ட்ரைக்தான் கிடைக்கும்.

மணற்கல்லில் வேறு ஒரு பொறி. நீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஓர் அடுக்கின் உள்ளேயே சாய்வான மெல்லிய படலங்கள் உருவாகும். இருபது, முப்பது டிகிரிகூடச் சாய்ந்திருக்கும். அது கடலடியில் மணல் சரிந்த கோணம். பிற்காலத்தில் பூமி அசைந்து அடுக்கைச் சாய்த்த கோணம் வேறு. சரிந்த படலங்களைக் கண்டால் அவற்றை மேலும் கீழும் அடைத்து நிற்கும் பெரிய எல்லைப் பரப்பைத் தேடி அதை அளக்க வேண்டும். சுற்றுவட்டாரம் எல்லாம் எட்டு, பத்து என்று வரும்போது ஓரிடத்தில் மட்டும் இருபத்தைந்து வந்தால், முதல் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் பாறை தன் இடத்தில்தான் இருக்கிறதா என்பது. களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கெட்டியான மணற்கல் பலகைகள் ஓடைக்கரையில் மெல்ல மெல்ல வழுக்கிச் சாய்ந்துவிடும். பார்க்க மலைபோல் உறுதியாகத் தெரியும் பலகை, அடியில் பிடிப்பே இல்லாமல் கிடக்கும். அதன் அடிப்பாகத்தைச் சுற்றிவந்து, இருபுறமும் அடுக்கு தொடர்கிறதா என்று பார்க்காமல் அளக்கக் கூடாது. ஓடை ஓரத்து அளவுகள் எல்லாம் ஓடையை நோக்கியே சாய்வு காட்டினால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது பூமியின் அசைவை இல்லை, போன மழையின் வேலையை.

ஆகவே ஒரு பரப்பில் ஓர் அளவோடு நகராமல், சில மீட்டர் இடைவிட்டு நான்கைந்து எடுப்பது நல்லது. அவை 022, 027, 025, 029 என்று நெருங்கி வந்தால் நம்பலாம். 010, 041, 018 என்று சிதறினால், சராசரி எடுத்து மறைக்க வேண்டாம். சரிவு மிகக் குறைவாக இருக்கலாம், பரப்பு கரடாக இருக்கலாம், கல் நகர்ந்திருக்கலாம். எதுவென்று அங்கேயே நின்று தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சரிவு ஐந்து டிகிரிக்குக் கீழே போய்விட்டால், கையளவு கருவியை விட்டுவிட்டு நிலத்தையே கருவியாக்கிக்கொள்வது நல்லது. ஒரே மெல்லிய சுண்ணாம்பு அடுக்கு மூன்று இடத்தில் வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இடமும் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று முந்நூறு மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. மூன்றாவது, அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து செங்குத்தாக இருநூறு மீட்டர் தள்ளி, பதினெட்டு மீட்டர் தாழ்வாக இருக்கிறது. முதல் இரண்டையும் இணைக்கும் கோடுதான் ஸ்ட்ரைக். பதினெட்டை இருநூறால் வகுத்தால் 0.09, அது ஐந்து டிகிரிச் சரிவு. உயரம் பார்த்ததில் ஒரு மீட்டர் தவறியிருந்தாலும் ஸ்ட்ரைக் இரண்டு டிகிரிதான் விலகும். அதே பாறையில் பத்து சென்டிமீட்டர்ப் பெட்டியை இரண்டு டிகிரி சாய்த்துப் பிடித்தவருக்கு இருபத்து மூன்றரை விலகியது. அளக்கும் அடித்தளம் நீள நீளப் பிழை சுருங்குகிறது, அவ்வளவுதான் கணக்கு. மூன்று இடத்திலும் இருப்பது ஒரே அடுக்குதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதற்கு அந்தச் சிப்பிகள் உதவும்.

எழுதும் முறையில் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, 025/10 தெ.கி. என்று ஸ்ட்ரைக், சரிவு, சரியும் பக்கம் மூன்றையும் எழுதுவது. இன்னொன்று வலக்கை விதி: ஸ்ட்ரைக் திசையைப் பார்த்து நின்றால் சரிவு உங்கள் வலப்பக்கம் இருக்குமாறு திசையைத் தேர்ந்தெடுப்பது. 025-ஐப் பார்த்து நின்றால் வலப்பக்கம் 115, கிழக்கு-தென்கிழக்கு. அதே பாறை வடமேற்கே சரிந்திருந்தால் 205 என்று எழுதியிருப்போம். வலக்கை விதியில் திசை எழுத்து தேவையில்லை, ஆனாலும் எழுதச் சொல்வேன். ஒருவர் 025/10 வ.கி. என்று எழுதியிருந்தால், ஸ்ட்ரைக் வடகிழக்கை ஒட்டிப் போகும்போது சரிவும் வடகிழக்கே போக முடியாது என்று படித்த உடனே தெரிந்துவிடும். எழுத்து இல்லாமல் எண் மட்டும் இருந்தால் அந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். திசைக்கு எப்போதும் மூன்று இலக்கம், சரிவுக்கு இரண்டு என்பதும் அப்படித்தான். 25/10 என்று எழுதினால் எது எது என்று ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது.

எண்ணை நோட்டில் எழுதியதும், பாறையை விட்டு எழுவதற்கு முன், வரைபடத்தில் குறி போட்டுவிட வேண்டும். ஸ்ட்ரைக் திசையில் ஒரு நீளக் கோடு, அதன் நடுவிலிருந்து சரியும் பக்கம் ஒரு சிறு கோடு, பக்கத்தில் 10. பிறகு வரைபடத்தை வடக்கு பார்த்துத் திருப்பி, பாறையின் அருகே பிடித்துப் பாருங்கள். நீளக் கோடு சாக்பீஸ் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், சிறு கோடு தண்ணீர் ஓடிய பக்கம் காட்ட வேண்டும். இல்லையென்றால், சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருக்கும்போதே, மீண்டும் அளந்துவிடலாம்.